'ஸ்டாப்பேஜ் இன் டிரான்சிட்': வழிமறிப்பு என்பது சரியா?

மொழிபெயர்ப்பாளர்:
1930 ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்துக்கான கையேடு இது. விலை கிடைக்காத விற்பனையாளருக்கு உள்ள உரிமைகளில் 'லியன்' என்பதற்குப் பற்றுரிமை என்றும் 'ரீசேல்' என்பதற்கு மறுவிற்பனை என்றும் போட்டிருக்கிறேன். நடுவில் உள்ள, வழியில் போகும் சரக்கை நிறுத்தும் உரிமையான 'ஸ்டாப்பேஜ் இன் டிரான்சிட்' என்பதற்கு 'வழிமறிப்புரிமை' பொருந்துமா?

மஞ்சள் வியாபாரி:
பொருந்தும். எனக்கே ஒரு பார்ட்டி தவணை தாண்டியும் பணம் தரவில்லை. அடுத்த லோடு லாரியில் போய்க்கொண்டிருக்கிறது. மறித்துவிடலாம்தானே?

வழக்குரைஞர்:
முடியாது அண்ணா. சரக்கு உங்கள் குடோனில் இருந்தால் அந்தச் சரக்குக்கான தவணை தாண்டியதே போதும், பற்றுரிமையில் பிடித்து வைக்கலாம். லாரிக்காரரிடம் ஒப்படைத்த பிறகு, வாங்கியவர் நொடித்திருந்தால்தான் நிறுத்த முடியும். அதற்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. வழக்கமான கடன்களை அடைப்பதை அவர் நிறுத்திவிட்டாலே நொடிப்புதான். உங்களுக்கு மட்டும் இழுத்தடிக்கிறார் என்பது போதாது.

உதாரணமாக, ஈரோட்டிலிருந்து தில்லிக்கு 100 மூட்டை, மூட்டை 9,000 ரூபாய், 30 நாள் கடன். 60 மூட்டை லாரியில், 40 குடோனில். 12ஆம் நாள் அவர் நொடித்தது தெரிகிறது. கடன் தவணை பாக்கி இருந்தாலும் 40க்குப் பற்றுரிமை உண்டு. 60க்கு லாரி அலுவலகத்துக்கு உடனே எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். தலைமை அலுவலகத்துக்குச் சொன்னால், அவர்கள் ஓட்டுநருக்கோ தில்லி கிளைக்கோ சொல்லப் போதிய நேரம் இருக்க வேண்டும். சரக்கைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு விற்றவருடையது. 'உங்களுக்காக வைத்திருக்கிறோம்' என்று தில்லி கிளை வாங்கியவரிடம் ஒப்புக்கொண்டுவிட்டால் பயணம் முடிந்ததாகிவிடும். அதன்பின் எழுதிப் பயனில்லை.

'வழிமறிப்பு' எனக்குச் சாலை மறியல் போல ஒலிக்கிறது. வேலை நடப்பது கடிதத்தில். 'வழிநிறுத்தம்' என்பேன்.

மற்றொருவர்:
கடிதம் மட்டும்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நேரில் போய்ச் சரக்கைக் கைப்பற்றுவதையும் 52ஆம் பிரிவு ஏற்கிறதே. மறிப்பு அவ்வளவு தவறில்லை. நிறுத்தியதும் விற்பனையே ரத்தாகிவிடுகிறது, அதனால் 'மீட்பு' என்றும் சொல்லலாம்.

வழக்குரைஞர்:
கைப்பற்றுவது பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் நிறுத்தியதால் மட்டும் ரத்தாகாது. ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கும். அழுகும் பொருளல்லாத மஞ்சளுக்கு, விற்கப்போவதாக வாங்கியவருக்கு அறிவிப்பு கொடுத்து, நியாயமான அவகாசம் தந்த பிறகே மறுவிற்பனை. 8,400க்குப் போனால், 100 மூட்டைக்கும் சேர்த்து 60,000 ரூபாய் நட்டம் கேட்கலாம். அறிவிப்பில்லாமல் விற்றால் அந்த நட்டம் கிடைக்காது. அப்படி அறிவிப்பில்லாமல் 9,500க்கு விற்றிருந்தாலோ லாபம் 50,000 வாங்கியவருக்கே சேரும். பலர் சறுக்குவது இங்கேதான்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் வழிநிறுத்தம் என்று வைக்கிறேன். ஆனால், வாங்கியவர் சரக்கு வருமுன்பே வேறொருவருக்கு விற்பதையும் எல்லாரும் மறுவிற்பனை என்றுதானே சொல்கிறோம்?

வழக்குரைஞர்:
அதுதான் சிக்கல். விற்றவர் சம்மதிக்காத அந்த விற்பனை இவர் உரிமையைத் தொடாது. ஆனால் ரயில்வே ரசீது போன்ற உரிமை ஆவணம், விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவர் கைக்கு மாறியிருந்தால், நிறுத்தும் உரிமை போய்விடும். விற்றவர் செய்யும் மறுவிற்பனை, வாங்கியவர் செய்யும் விற்பனை இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் 53, 54 பிரிவுகள் குழம்பும். வாங்கியவர் செய்வதை 'உள்விற்பனை' என்று வைக்கலாமா?

மஞ்சள் வியாபாரி:
மண்டியில் 'கைமாத்தி விட்டுட்டான்' என்போம். உள்விற்பனை என்றால் உள்ளூர் வியாபாரம் என்று நினைப்பார்கள்.