66.4 சதவீதம், டீடெயின் நோட்டீஸ் வந்தாச்சு. வருகைக் குறைவுக்கு விலக்கு, அதாவது காண்டனேஷன், கிடைக்குமா?

கரிசல்பையன்:
அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, 2021 ரெகுலேஷன், அஞ்சாவது செமஸ்டர். நேத்து வீட்டுக்கு நோட்டீஸ் போயிருக்கு. இதுவரை நடந்த 378 பீரியட்ல நான் வந்தது 251, அதாவது 66.4 சதவீதம். "75 வராவிட்டால் தேர்வு எழுத அனுமதி இல்லை, பருவத்தை மீண்டும் படிக்க நேரிடும்"னு எழுதியிருக்கு. மூணு பாடத்துல 65-க்கும் கீழே இருக்கு. இன்னும் 12 நாள் கிளாஸ் பாக்கி. நடுவுல டெங்கு வந்து அட்மிட் ஆனேன், அதுக்கு மெடிக்கல் போட்டா 75 ஆயிடுமா? அப்பா ரெண்டு நாளா பேசவே இல்ல.

திருச்சிமணி:
இதுக்கா பயப்படுறே தம்பி? நான் பி.காம் படிச்சப்ப ரெண்டு செமஸ்டர் இதே கதைதான். ஆபீஸ்ல காண்டனேஷன் ஃபாரம் வாங்கி, பணம் கட்டி, பிரின்சிபல் கையெழுத்து வாங்கினா ஹால் டிக்கெட் வந்துரும். 65-க்கு மேல இருந்தா பணம் மட்டும், அதுக்குக் கீழே 50 வரைக்கும் பணத்தோட ஒரு மெடிக்கல். அவ்ளோதான். நோட்டீஸ் அனுப்புறதே அப்பா அம்மாவை மிரட்டத்தான்.

வகுப்பு ஆலோசகர்:
மணி சொல்றது அவர் படிச்ச கலைக் கல்லூரிக்குச் சரியா இருந்திருக்கும். இந்தத் தம்பிக்கு அதை அப்படியே சொன்னா ஆபத்து. நான் இணைப்புப் பொறியியல் கல்லூரியில 9 வருஷம் கிளாஸ் அட்வைசர். இங்க பணம் கட்டி வாங்குற காண்டனேஷன்னு ரெகுலேஷன்ல ஒண்ணும் கிடையாது. 75 இருந்தா எழுதலாம். 65-லேருந்து 74-க்குள்ள இருந்தா, காரணம் உடம்பு சரியில்லாததோ விளையாட்டுப் போட்டியோவா இருந்து, சான்றிதழை பிரின்சிபல் சான்றளிச்சா எழுதலாம். 65-க்குக் கீழே போயிட்டா மெடிக்கல், மினிஸ்டர் லெட்டர் எதுவும் செல்லாது.

தம்பி, ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்கோ. மெடிக்கல் சர்டிபிகேட் ஆப்சென்டை பிரசென்டா மாத்தாது. டெங்கு நாளெல்லாம் ஆப்சென்ட்டாதான் கிடக்கும், சதவீதம் ஏறாது. 65-க்கும் 75-க்கும் நடுவுல நிக்கிறவனுக்குக் கதவைத் திறந்துவிடுற சாவி அது, அவ்வளவுதான்.

மூணு பாடம் குறைவுன்னு கவலைப்படாதே. பல்கலைக்கழகத்தோட சொந்த வளாகங்கள்லதான் பாடவாரியா பார்ப்பாங்க. இணைப்புக் கல்லூரிக்கு எல்லாப் பாடத்தையும் சேர்த்த மொத்தம்தான் கணக்கு. உன் கல்லூரி தன்னாட்சின்னா மட்டும் அவங்க சொந்த ரெகுலேஷனை எடுத்துப் பாரு. ஒரு நாளைக்கு எத்தனை பீரியட்?

கரிசல்பையன்:
ஏழு பீரியட் சார். தன்னாட்சி இல்லை.

வகுப்பு ஆலோசகர்:
அப்போ பாக்கி 84 பீரியட். செமஸ்டர் முடியும்போது மொத்தம் 462. இன்னையிலேருந்து ஒண்ணு விடாம வந்தா 251-ம் 84-ம் சேர்ந்து 335. அது 72.5 சதவீதம். 75-ஐத் தொட எத்தனை வேணும்? கிட்டத்துல இருக்கிற முழு எண்ணுக்குக் கணக்கிடுறதால 74.5 வந்தாலே போதும். அதுக்கு 345 பீரியட். உனக்குப் பத்து பீரியட் குறையுது. எவ்வளவு ஒழுங்கா வந்தாலும் வருகையை மட்டும் வச்சு 75 எட்ட முடியாது. காண்டனேஷன் வழியாத்தான் போகணும்.

இன்னொரு பக்கமும் பாரு. 298-க்குக் கீழே இறங்கினா 65-ம் போச்சு. அதாவது இந்த 84-ல குறைஞ்சது 47 வரணும். "எப்படியும் காண்டனேஷன்தானே"ன்னு கடைசி வாரம் ஊருக்குப் போனவன் ஒருத்தனை எனக்குத் தெரியும். 67-ல இருந்தவன் 64-ல முடிச்சான். சர்டிபிகேட் கையில இருந்துது, பிரயோஜனம் இல்ல.

சட்டம்படிக்கிறேன்:
எல்லாரும் ஏன் இப்படிக் கல்லூரிக்குப் பயப்படுறீங்க? 2025 நவம்பர்ல டெல்லி உயர் நீதிமன்றம் வருகைக் குறைவுக்காக மாணவனைத் தேர்வு எழுத விடாம தடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்பை நகல் எடுத்து மனுவோட வையுங்க. எந்த பிரின்சிபலும் டீடெயின் பண்ண முடியாது.

வகுப்பு ஆலோசகர்:
அந்தத் தீர்ப்பு சட்டக் கல்லூரிகளைப் பத்தினது தம்பி. பார் கவுன்சில் விதியை வச்சு, ஒரு சட்ட மாணவர் உயிரை விட்ட வழக்குல வந்தது. பொறியியல் கல்லூரி பிரின்சிபல்கிட்ட அதை நீட்டினா, அவர் படிக்காமலே ஓரமா வச்சிடுவார். நீதிமன்றம் போறது உரிமைதான். ஆனா பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கிறப்ப அதை முதல் வழியா சொல்லாதீங்க.

சட்டம்படிக்கிறேன்:
சட்டக் கல்லூரிக்குன்னு சொன்னாலும் அதுல இருக்கிற நியாயம் பொதுதானே சார்? கிளாஸ்ல உட்கார்ந்தா மட்டும் படிப்பு வந்துருமா? காண்டனேஷன் பிரின்சிபல் கையில இருக்கிற வரைக்கும் பீஸ் பாக்கி இருக்கிறவன், கேள்வி கேக்கிறவன் கழுத்துக்குத்தான் அது கயிறு.

வகுப்பு ஆலோசகர்:
கயிறா மாத்துற இடம் இருக்குன்னு ஒத்துக்கறேன். பீஸ் பாக்கியையும் அட்டெண்டன்ஸையும் ஒண்ணா முடிச்சுப் போடுறதை நானே பார்த்திருக்கேன். அதுக்காக விதியே வேண்டாம்ங்கறது வேற வாதம். லேப்ல மதியம் நாலு பீரியட் வராதவன் அந்த சோதனையை எங்கே போய் செய்வான்?

செல்வி_நாகர்கோவில்:
நடுவுல பேசறதுக்கு மன்னிக்கணும். என் மகனும் போன வருஷம் டீடெயின் ஆனான். அவனுக்கு ஹால் டிக்கெட் வந்துருச்சு, பரீட்சை பீஸும் கட்டியிருந்தோம். அதனால பிரச்சினை இல்லைன்னு நினைச்சோம். பரீட்சைக்கு முதல் நாள் டிபார்ட்மென்ட்ல கூப்பிட்டு, பேர் குறைவுப் பட்டியல்ல இருக்குன்னு சொன்னாங்க. ரிசல்ட்ல எல்லாப் பாடத்துக்கும் நேரே எஸ்.ஏ., அதாவது வருகைக் குறைவுன்னு வந்துது. அரியர்தான், அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம்னு நானும் இருந்துட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது அரியர் இல்ல, முழு செமஸ்டரையும் அடுத்த வருஷம் ஜூனியர் பிள்ளைங்களோட உட்கார்ந்து படிக்கணும்னு. இப்ப வீட்டுல இருக்கான். மறுசேர்க்கைக்கு எப்ப எழுதிக் கொடுக்கணும் சார்?

வகுப்பு ஆலோசகர்:
அக்கா, உதாரணமா அஞ்சாவது செமஸ்டர் போச்சுன்னா அடுத்த அஞ்சாவது செமஸ்டர் ஒரு வருஷம் கழிச்சுத்தான் வரும். ஒரு செமஸ்டர் தவறினா ஒரு வருஷம் போறது இதனாலதான். அந்த செமஸ்டர் தொடங்குறதுக்கு முன்னாடியே கல்லூரி வழியா மறுசேர்க்கை உத்தரவு வாங்கியாகணும். வகுப்பு ஆரம்பிச்ச பிறகு ஓடினா, உத்தரவு வர்றதுக்குள்ள இந்த வருஷ அட்டெண்டன்ஸும் குறைஞ்சிரும். நாளைக்கே ஆபீஸ்ல போய்க் கேளுங்க. அப்படியே இடையில ரெகுலேஷன் மாறியிருக்கான்னும் கேளுங்க. மாறியிருந்தா சில பாடம் கூடுதலா எழுத வேண்டி வரும்.

திருச்சிமணி:
சரி சார், பணம் விஷயத்துல நான் தப்பு. ஆனா மெடிக்கல் சர்டிபிகேட் எல்லாம் பெயருக்குத்தானே? எங்க தெருமுனை டாக்டர் கேட்ட தேதிக்குக் கொடுப்பார்.

வகுப்பு ஆலோசகர்:
மாட்டுறதே அங்கேதான். டாக்டர் எழுதினதை நாங்க அட்டெண்டன்ஸ் பதிவோட ஒப்பிட்டுப் பார்ப்போம். பதினஞ்சு நாள் படுத்த படுக்கைன்னு சர்டிபிகேட் சொல்லும், நடுவுல ஒரு லேப்ல பையன் பிரசென்ட் ஆகி அப்சர்வேஷன் நோட்ல கையெழுத்து வாங்கியிருப்பான். அந்த ஒரு கையெழுத்தோட மொத்த சர்டிபிகேட்டும் போச்சு. காய்ச்சல் வந்தது ஆகஸ்ட்ல, சர்டிபிகேட் தேதி அக்டோபர்னாலும் கேள்வி வரும்.

கரிசல் தம்பி, உனக்கு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கா? அட்மிட் ஆன தேதி, வெளியே வந்த தேதி, ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எல்லாம் ஒரே ஆஸ்பத்திரிப் பேர்ல இருந்தா அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. இன்னொரு கேள்வி. நீ வராதது 127 பீரியட். டெங்குக்கு எத்தனை போச்சு?

கரிசல்பையன்:
சம்மரி இருக்கு சார். ஆறு நாள் ஆஸ்பத்திரி, நாலு நாள் வீட்டுல ரெஸ்ட். மொத்தம் பத்து நாள், 70 பீரியட். ரெண்டு நாள் மண்டலக் கபடிக்குப் போனேன், அது 14 பீரியட், ஆனா ஆப்சென்ட்னுதான் போட்டிருக்காங்க. பாக்கி 43... பெரும்பாலும் முதல் பீரியட் சார். எங்க ஊர்லேருந்து வர்ற முதல் பஸ்ஸே 8.50-க்குத்தான் வரும். பத்து நிமிஷம் லேட்டானாலும் ஆப்சென்ட்.

பழைய_பிடி_சார்:
கபடிக்கு ஓ.டி., அதாவது 'ஆன் டியூட்டி'ன்னு வருகை போடலையா? அப்புறம் என்னய்யா இவ்வளவு பேச்சு! அந்த 14 ஏறினா 335 போய் 349. அது 75.5. காண்டனேஷனே வேண்டாம், நாலு பீரியட் மிச்சமும் இருக்கு. உங்க உடற்கல்வி இயக்குநர்கிட்ட ஓ.டி. கடிதம் நிக்கும். போட்டிக்குப் போற அவசரத்துல கொடுத்திருப்பார், அது ஹெச்.ஓ.டி. மேசையில கிடக்கும். என் காலத்துல பாதிப் பையன்களுக்கு இதே கதி.

வகுப்பு ஆலோசகர்:
அய்யா, அங்கேதான் நான் நிக்கிறேன். விளையாட்டுப் போட்டியை 65–74 காரங்களுக்கான காரணமாத்தான் ரெகுலேஷன் சொல்லுது. பிரசென்ட் போடுன்னு சொல்லலை. ஓ.டி.ன்னு பிரசென்ட் போடுறது நம்ம கல்லூரிகளோட பழக்கம். அதோட அட்டெண்டன்ஸை பகுதி பகுதியா போர்ட்டல்ல ஏத்துறோம். அந்தப் பகுதிக்கான தேதி முடிஞ்சிருந்தா பழசைத் திறந்து மாத்துறது எங்க கையில இல்லை.

பழைய_பிடி_சார்:
கல்லூரிப் பேர் போட்ட சட்டையோட ஆடப் போனவன் எப்படிய்யா ஆப்சென்ட் ஆவான்? அனுப்பினது கல்லூரி. பதிவைத் திருத்த வேண்டியதும் கல்லூரி. இல்லைன்னா இனிமே எவன் டீமுக்கு வருவான்?

வகுப்பு ஆலோசகர்:
நியாயம் உங்க பக்கம் இருக்கலாம். நான் சொல்றது, பையன் அதை நம்பி உட்காரக் கூடாதுன்னுதான். ரெண்டையும் சேர்த்துக் கொடுக்கட்டும். ஓ.டி. திருத்தம் கேட்டு ஒரு கடிதம். அது நடக்கலைன்னா 72.5-க்கு டிஸ்சார்ஜ் சம்மரியும் கபடிச் சான்றிதழும் வச்சு இன்னொரு மனு. ரெண்டுக்கும் நகல்ல சீல் போட்டு வாங்கிக்க. 43 பீரியட் பத்திக் கேட்டா பொய் சொல்லாதே. குறையறது பத்து, டெங்குக்குப் போனது எழுபது. அதுவே பேசும்.

கரிசல்பையன்:
காலையில பிரின்சிபல் ரூம் போயிட்டு வந்தேன். மெடிக்கல் மனுவை வாங்கிக்கிட்டாங்க, அப்பாவைக் கூட்டிட்டு வந்து உறுதிமொழி எழுதித் தரச் சொல்றாங்க. கபடிக் கடிதம் பி.டி. சார்கிட்டயே இருந்துது, ஹெச்.ஓ.டி.கிட்ட போகவே இல்லையாம். போர்ட்டல்ல ரெண்டு பகுதி மூடியாச்சு, போட்டி நடந்தது ரெண்டாவதுல. மூணாவதுல சேர்த்துப் போட முடியுமான்னு ஹெச்.ஓ.டி. கேட்டுச் சொல்றேன்னாங்க.

வகுப்பு ஆலோசகர்:
வேற தேதியில வேற நாளைப் போடச் சொல்லாதே, நீயும் கேக்காதே. அது நாளைக்குத் தணிக்கையில வந்தா உன் பேர்தான் அடிபடும். மெடிக்கல் வழியே போதும்.

பழைய_பிடி_சார்:
போடலாம்னுதான் நான் சொல்லுவேன். ஹெச்.ஓ.டி.யே கேக்கிறேன்னு சொல்றப்ப நீங்க ஏன் தடுக்கறீங்க? அதை விடு தம்பி, நாளைக்கு முதல் பீரியடுக்கு எப்படிப் போகப் போறே?

கரிசல்பையன்:
மாமா பைக்ல இறக்கி விடுறேன்னார் சார். பன்னிரண்டு நாளைக்கும்.