ஸ்க்ரீ பிளாட்: தமிழில் என்ன சொல்வது? (படம் இணைப்பு)

கயல்விழி:
வணக்கம். பெசன்ட் நகரிலிருந்து வேளச்சேரி வரை 60 போர்வெல் தண்ணீர் மாதிரிகள், ஒவ்வொன்றிலும் 8 அளவீடுகள். முதன்மைக் கூறு பகுப்பாய்வு செய்து வந்த வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன். ஐகன் மதிப்புகள் 3.2, 1.8, 1.02, 0.80, 0.55, 0.35, 0.20, 0.08. அறிக்கையைத் தமிழில் எழுதுகிறேன், இந்த வரைபடத்தை எப்படி அழைப்பது? "சரிவு வரைபடம்" போதுமா? அப்படியே எத்தனை கூறுகளை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லுங்கள்.

முத்து:
"திரை வரைபடம்" என்று போடலாமே, ஸ்க்ரீன்தானே. மூன்று கூறு வைத்துக்கொள். 1-க்கு மேல் மூன்று இருக்கிறது, முழங்கையும் மூன்றாவது புள்ளியில்தான் மடங்குகிறது. இரண்டு வழியிலும் ஒரே விடை.

நடராஜன்:
தம்பி, அது ஸ்க்ரீன் இல்லை, ஸ்க்ரீ. செங்குத்துப் பாறையிலிருந்து உடைந்து விழுந்து அடிவாரத்தில் கிடக்கும் கற்குவியல். 1966-இல் ரேமண்ட் கேட்டல் இந்தச் சோதனைக்குப் பெயர் வைத்தபோது மனதில் வைத்திருந்தது அதைத்தான்: மேலே நிற்கும் பாறையை எடுத்துக்கொள், கீழே கிடக்கும் சரளையை விட்டுவிடு. அதனால் "சரிவு வரைபடம்" எனக்கு ஒத்துவரவில்லை, கண்ணைத் தப்பான இடத்துக்கு இழுக்கிறது, போதாததற்கு ஸ்லோப்புக்கும் நம்மில் பலர் சரிவு என்றே எழுதுகிறோம். "சரளை வரைபடம்" என்று வைக்கலாம்.

கயல், எத்தனை என்பதற்கு ஒரு ஸ்கேலை எடுத்து வலது கோடியிலிருந்து தொடங்கு. 0.08, 0.20, 0.35, 0.55, 0.80 எல்லாம் ஏறத்தாழ ஒரே கோட்டில் உட்காரும். அந்தக் கோட்டை இடப்பக்கம் நீட்டினால் 1.02-உம் அதிலேயே வந்து விழுகிறது. 1.8 கோட்டை விட்டு நன்றாக எழும்பி நிற்கிறது. ஆக முழங்கை மூன்றில் இருப்பது சரி, ஆனால் அந்த மூன்றாவது புள்ளி சரளையின் முதல் கல். வைக்க வேண்டியது இரண்டு.

முத்து:
1-க்கு மேல் என்ற விதி அப்போ என்ன ஆகிறது ஐயா? 1.02 தாண்டிவிட்டதே.

நடராஜன்:
தரப்படுத்திய 8 அளவீடுகளின் ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் 8 வரும். அதனால் 1 என்பது ஒரே ஒரு அளவீட்டின் பங்கு. ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்களை 60 வரிசைக்கு நிரப்பிப் பார்த்தாலும், வெறும் தற்செயலால் முதல் சில மதிப்புகள் 1-ஐத் தாண்டும்: ஏறத்தாழ 1.6, 1.4, 1.2. நம் 3.2-உம் 1.8-உம் அவற்றை வெல்கின்றன, 1.02 தோற்கிறது. 1965-இல் ஹார்ன் சொன்ன இணைப் பகுப்பாய்வு இதுதான். R-இல் psych இருந்தால்:

```
fa.parallel(x, fa = "pc")
```

ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே. படத்தை அகலமாக இழுத்தால் முழங்கை மழுங்கும், ஒடுக்கினால் கூர்மையாகும், எண்கள் அப்படியேதான் இருக்கும்.

பாத்திமா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், என் படத்தில் முதல் கூறே 99%, மற்றதெல்லாம் தரையோடு தரை. ஒன்று போதும் என்று எழுதிவிடலாமா? என்னுடையதும் தண்ணீர்தான், டிடிஎஸ், பிஎச், ஃபுளோரைடு.

நடராஜன்:
எழுதாதீர்கள் அம்மா. டிடிஎஸ் ஆயிரக்கணக்கில் ஏறி இறங்கும், பிஎச் 7-ஐ ஒட்டியே நிற்கும். தரப்படுத்தாமல் ஓட்டியிருப்பீர்கள், அப்போது முதல் கூறு என்பது டிடிஎஸ்ஸேதான். prcomp-இல் scale. = TRUE கொடுத்து மறுபடி பாருங்கள்.

கயல்விழி:
நன்றி ஐயா. இணைப் பகுப்பாய்வும் இரண்டு என்றே சொல்கிறது. முதல் கூறில் டிடிஎஸ், மின்கடத்துதிறன், குளோரைடு, சோடியம், கடினத்தன்மை: உப்பு. இரண்டாவதில் நைட்ரேட், பொட்டாசியம்: கழிவுநீர்க் கசிவு என்று நினைக்கிறேன். கடைசி மதிப்பு 0.08-க்கு இறங்கியதற்கும் காரணம் புரிந்தது, டிடிஎஸ்ஸும் மின்கடத்துதிறனும் கிட்டத்தட்ட ஒன்றையேதான் அளக்கின்றன. ஆனால் மூன்றாவதில் ஃபுளோரைடு மட்டும் தனியாக நிற்கிறது. அதை விட்டுவிட மனம் வரவில்லை, குடிக்கிற தண்ணீராயிற்றே.

நடராஜன்:
விட வேண்டாம். வேறு எதோடும் சேராமல் தனியாக நிற்கும் அளவீட்டுக்குக் கூறு எதற்கு? ஃபுளோரைடை அதன் மி.கி./லி. அளவிலேயே தனி அட்டவணையாகக் கொடு, கூறுகள் இரண்டாகவே இருக்கட்டும்.

முத்து:
இரண்டு என்பதை ஏற்கிறேன். சரளையை ஏற்கவில்லை. ரோடு போடுகிற சரளைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும், மலையடிவாரம் வராது. "பாறையடி வரைபடம்"?

கயல்விழி:
பாறையடி என்றால் வெட்ட வேண்டிய இடம் பெயரிலேயே தெரிகிறது, அது பிடித்திருக்கிறது. ஆனால் சரளை சொல்ல எளிது. இந்த அறிக்கையில் "சரளை வரைபடம்" என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் பாறையடிக் கற்குவியல் என்று ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன். வேறு யாருக்காவது மாற்றுச் சொல் இருந்தால் சொல்லுங்கள்.