கேப்டன் 300 ரூபாய் வரை தள்ளலாம் என்றேன், இப்போது எல்லாப் புகாரும் 300 ரூபாய் ஆகிறது. என்ன செய்வது?

மூணு கிளை (கேள்வி)
வணக்கம். திருச்சியில் மூன்று கிளைகளாக அசைவ உணவகம் நடத்துகிறோம். முன்பெல்லாம் யார் குறை சொன்னாலும் கேப்டன் எனக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பில்லில் கை வைப்பார். ஒரு நாள் நான் போனை எடுக்காததால், 90 ரூபாய் பரோட்டாவுக்காகக் கைக்குழந்தையோடு வந்த குடும்பத்தை இருபது நிமிடம் உட்கார வைத்துவிட்டார்கள். மனசு கேட்கவில்லை. மறுநாளே, ஒரு பில்லுக்கு 300 ரூபாய் வரை கேப்டனே தள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது இரண்டு மாதக் கணக்கைப் பார்க்கிறேன். மொத்தம் 74 பில்லில் தள்ளுபடி. ஒரே கிளையில் மட்டும் 41. அதில் 33 பில், 280-க்கும் 300-க்கும் நடுவில். வரம்பைக் குறைப்பதா, எடுத்தே விடுவதா? பையன்களைச் சந்தேகப்படவும் மனசு வரவில்லை.

லாபி
வரம்பைக் குறைக்காதீங்க, ஏத்துங்க. ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்ல சாதாரண ஊழியருக்கே 2,000 டாலர் வரைக்கும் அதிகாரம் உண்டு, யாரையும் கேக்க வேணாம். நம்பினா நம்பிக்கைக்குத் தக்க நடப்பாங்க.

பழைய கேப்டன்
லாபி சொல்லும் 2,000 டாலர் உண்மைதான். ஆனால் அது நாலு இட்லிக்கு வந்துபோகிறவருக்காக வைத்த கணக்கு இல்லை. ஒரு விருந்தினர் வாழ்நாள் முழுக்க அவர்களிடம் செலவழிக்கும் தொகை மிகப் பெரியது, அவரை இழக்கக் கூடாது என்று வைத்தது. அந்தத் தொகை வரை போவதும் அபூர்வம். உங்கள் சராசரி பில் 900 ரூபாய் என்றால் 300 ரூபாயே மூன்றில் ஒரு பங்கு.

கோளாறு தொகையில் இல்லை. "300 வரை" என்று சொன்னால் கேப்டன் காதில் "300" மட்டும்தான் விழும். எதிரே ஒருவர் கோபமாக நிற்கும்போது, குறைத்துக் கொடுத்து ஏன் பேச்சு வாங்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அதனால் பணத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு உதாரணம். பில் 1,120 ரூபாய். 280 ரூபாய் மட்டன் சுக்கா ஆறிப்போய் வந்திருக்கிறது. முதல் வேலை, தட்டை எடுத்துக்கொண்டு புதிதாகப் போட்டுத் தருவது. இதற்கு வரம்பே வைக்காதீர்கள், சர்வரே செய்யட்டும். காத்திருக்க மாட்டேன் என்றால் அந்த 280-ஐ பில்லில் எடுத்துவிடுவது கேப்டன் வேலை. அதாவது வரம்பு என்பது குறை வந்த அந்தப் பதார்த்தத்தின் விலை. 90 ரூபாய் பரோட்டாவுக்கு 90, அதற்கு மேல் இல்லை. அப்படியும் முகம் தெளியவில்லை என்றால் குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம். 80 ரூபாய் ஐஸ்கிரீம் உங்களுக்கு 30 ரூபாய்க்குள் அடங்கும், 80 ரூபாய் தள்ளினால் 80-ம் போகும். ஆகவே பொருளாகக் கொடுப்பதற்குத் தாராளமாக ஒரு அளவு, பணமாகத் தள்ளுவதற்குத் தனி அளவு. முழு பில்லையும் விட வேண்டுமென்றால் மேனேஜர் மேசைக்கே வர வேண்டும்.

இனி அந்த 33 பில். அவை எத்தனை மணிக்கு அடித்தவை, காசா யுபிஐயா என்று பார்த்தீர்களா?

சாம்பார் பூச்சி
எனக்கும் இதே சந்தேகம். போன வாரம் ஒரு கடையில் சாம்பாரில் பூச்சி கிடந்தது. 50 ரூபாய் தள்ளிவிட்டு அனுப்பிவிட்டார்கள். நான் எவ்வளவு கேட்டிருக்கலாம்?

பழைய கேப்டன்
அம்மா, இங்கே கடைக்காரர் பக்கத்துக் கேள்வி ஓடுகிறது. உங்கள் புகாரை 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். ஆனாலும் நல்ல சமயத்தில் கேட்டீர்கள். பூச்சி, கண்ணாடித் துண்டு, சாப்பிட்டதும் வாந்தி, ஒவ்வாமை, இவை எதையும் கேப்டன் காசு கொடுத்து முடிக்கக் கூடாது. அந்தத் தட்டைத் தனியாக எடுத்து வைத்து மேனேஜரைக் கூப்பிட வேண்டும். 50 ரூபாயில் முடித்துவிட்டால், அதே குண்டா சாம்பார் அடுத்த மேசைக்கும் போகும்.

மூணு கிளை
பார்த்தேன். 33-இல் 29 காசு. பெரும்பாலும் இரவு 9 மணிக்கு மேல். பில் பிரிண்ட் ஆன நேரத்துக்கும் தள்ளுபடி போட்ட நேரத்துக்கும் 15, 20 நிமிட இடைவெளி. எனக்குக் கை நடுங்குகிறது.

கல்லா கணக்கு
பல உணவகங்களுக்குக் கணக்கு பார்க்கிறேன். இந்த இடைவெளிதான் முக்கியம். உண்மையான புகார் என்றால் பணம் கட்டுவதற்கு முன்பே தள்ளுபடி விழுந்திருக்கும். வாடிக்கையாளர் முழுக் காசும் கொடுத்துவிட்டுப் போன பிறகு பில்லைத் திறந்து, "உணவில் குறை" என்று 300 போட்டு, அந்த 300-ஐ எடுத்துக்கொள்வது பழைய வழி. யுபிஐயில் முழுத்தொகையும் வங்கிக்கு வந்துவிடும், கல்லாவில் எடுக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் காசு பில்லாகப் பார்த்து நடக்கும்.

ஆனால் இதை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்காதீர்கள். பிரிண்ட் எடுத்து மேசைக்குக் கொண்டுபோன பிறகுதான் சிலர் குறையையே சொல்வார்கள். அதனால் பில்லில் பணம் வாங்கியதாகப் பதிவான நேரத்தையும் பாருங்கள். பிறகு சமையலறையில் ஒரு நோட்டுப் போடுங்கள். திரும்பி வந்த தட்டு ஒவ்வொன்றையும் கேஓடி எண்ணோடு மாஸ்டர் எழுதட்டும். கேப்டன் போட்ட தள்ளுபடிக்கு மாஸ்டர் நோட்டில் ஜோடி இல்லை என்றால் அப்போது கேளுங்கள். பிரிண்ட் எடுத்த பில்லைத் திருத்த மேனேஜர் கடவுச்சொல் வேண்டும் என்று மென்பொருளில் வையுங்கள். திருத்திய பில் வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, கல்லாவிலிருந்து ரூபாயை எடுத்து நீட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பில்லுக்குள்ளேயே கழித்தால் ஜிஎஸ்டி குறைந்த தொகைக்குத்தான் வரும். வெளியே கொடுத்தால் முழு பில்லுக்கும் வரி கட்டுவீர்கள், இல்லையென்றால் கிரெடிட் நோட் போட வேண்டும்.

ஜவுளி
எங்க கடையில வேற மாதிரி ஆச்சு. தள்ளுபடி கொடுத்தா அந்த ஆளோட சம்பளத்துல பிடிப்போம்னு முதலாளி சொன்னாரு. அடுத்த மாசமே தள்ளுபடி சுத்தமா நின்னுடுச்சு. நல்லாயிடுச்சுன்னு நெனச்சோம். அப்புறம் பார்த்தா சாயம் போன சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தவங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டிருந்தாங்க.

பழைய கேப்டன்
ஜவுளி சொன்னதை நன்றாக மனதில் வையுங்கள். தள்ளுபடியே இல்லாத கிளையையும் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் மற்ற இரண்டு கிளையும் சேர்ந்து 33 தானே? அங்கே புகார் குறைவா, அல்லது சொல்ல வருகிறவர்களை யாரும் கண்டுகொள்வதில்லையா?

மூணு கிளை
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பதார்த்தத்தின் விலைதான் வரம்பு என்று மாற்றினேன். மாஸ்டர் நோட்டும் கடவுச்சொல்லும் வந்துவிட்டன. அந்தக் கிளையில் இதுவரை ஆறு தள்ளுபடி, அதிகபட்சம் 220. ஆறுக்கும் நோட்டில் ஜோடி இருக்கிறது. பழைய 33-இல் போன் எண் இருந்த எட்டுப் பேரைக் கூப்பிட்டு விசாரித்தேன். மூன்று பேர், ஆமாம், குறைத்தார்கள் என்றார்கள். நான்கு பேருக்குத் தள்ளுபடி கிடைத்ததே தெரியவில்லை. ஒருவர் எடுக்கவில்லை. அந்தக் கேப்டன் என்னிடம் ஆறு வருடமாக இருப்பவர், இன்னும் பேசவில்லை.

செயலி வழியாகப் போகும் பார்சலுக்கு என்ன செய்வது? அங்கே பணத்தைத் திருப்பித் தருவதை அவர்களே முடிவு செய்து நம் கணக்கில் கழித்துவிடுகிறார்கள்.

லாபி
அதுக்கு எங்ககிட்டயும் வழி இல்ல. பார்சல் மூடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வைக்கிறோம். சில சமயம் ஒத்துக்கறாங்க, சில சமயம் இல்ல.