லினன் நாப்கினில் ஏணித் தையல்: மூலையில் மிஞ்சும் இழைகளை என்ன செய்வது?

லினன் நாப்கின்களுக்கு இழை உருவி ஓரம் தைக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆறு இழைகளை நடுவில் வெட்டி மூலை வரை உருவி, நுனிகளை மடிப்புக்குள் செருகிவிட்டேன். அப்புறம் நிற்கும் இழைகளை நாலு நாலாக நூலால் சுற்றி, மடிப்பின் விளிம்பில் ஊசியைக் குத்தி இறுக்குகிறேன். எதிர்ப்பக்கத்திலும் அதே நாலு இழைகளைப் பிடித்தால் ஏணிப்படி நேராக நிற்கிறது, அதுவரை சரி.

மூலைக்கு வரும்போது இரண்டு இழை மிஞ்சுகிறது. கடைசிக் கட்டோடு சேர்த்தால் அந்தப் படி மட்டும் தடித்து, பக்கத்து இடைவெளி பெரிதாகத் தெரிகிறது. கடைசி இரண்டு கட்டுகளையும் ஐந்தைந்தாக எடுத்தால் வித்தியாசம் மறையுமா?

இன்னொன்று, இரண்டு பக்கமும் உருவிய இடம் சந்திக்கும் மூலைச் சதுரத்தில் இழையே இல்லை. அதன் விளிம்பைக் காஜா தையலால் நெருக்கமாகச் சுற்றினால் போதுமா, துவைத்தால் பிரிந்துவிடாதா?