பாடி ஆர்ட்டுக்கு தமிழ்ல என்ன? திங்கள் காலைக்குள்ள வேணும்

கயல்விழி:
எல்லாருக்கும் வணக்கம். திங்கக்கிழமை முதல் வகுப்பு, எலனோர் ஆன்டின்ங்கிற அமெரிக்கக் கலைஞர் 1972ல செஞ்ச ‘செதுக்கல்: ஒரு மரபுச் சிற்பம்’ பத்தி பசங்களுக்கு தமிழ்ல குறிப்பு எழுதிட்டு இருக்கேன். அந்தம்மா 37 நாள் டயட்ல இருந்தாங்க, தினமும் துணியில்லாம நின்னு முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு பக்கவாட்டுன்னு நாலு போட்டோ, மொத்தம் 148, எல்லாம் கருப்பு வெள்ளை. ஒரு நாளோட நாலு படமும் ஒரு நிரலா மேலருந்து கீழ இருக்கும், அதே போஸ் நாள்பட மாறுறத இடமிருந்து வலமா பாத்துட்டே போகலாம். கல்லும் அவங்கதான் சிற்பியும் அவங்கதான். இந்த மாதிரி வேலைக்கு ‘உடல் நிகழ்த்துகலை’ன்னு எழுதி வச்சிருக்கேன், எனக்கே பிடிக்கல.

செல்வம்:
உடற்கலைன்னு சுருக்கமா போட்டுடுங்க மேடம். என் பொண்ணு கைல பச்சை குத்திட்டு வந்து இதான் பாடி ஆர்ட்டுப்பான்னா, வீட்ல ரெண்டு நாள் சண்டை.

கயல்விழி:
அதே சிக்கல்தான் சார். உடற்கலைன்னா பச்சை குத்துறது, மெஹந்தி, இல்லன்னா ஜிம்.

புலவர் ஐயா:
அம்மா, நிகழ்த்துகலை என்பது கரகம், கூத்துக்கு ஏற்கனவே பட்டா போட்ட சொல். தவிர நீங்கள் சொல்லும் வேலையில் பார்ப்பவர் முன் எதுவும் நிகழவில்லையே, படம்தானே எஞ்சியது? திவாகரம் என்னும் பழைய நிகண்டு சிற்பத்தொழிலுக்கு உறுப்பு பத்து என்கிறது: கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம், வண்ணம், கண்டசருக்கரை, மெழுகு. இங்கே உறுப்பு என்றால் மூலப்பொருள். பதினோராவதாக மெய்யைச் சேர்த்தால் முடிந்தது: மெய்யுறுப்புக் கலை. உறுப்பு என்பது அவயவமும் ஆகும், இரட்டைப் பொருள் தானாக வந்து விழுகிறது பாருங்கள்.

கயல்விழி:
ஐயா, திவாகரம் மேட்டர் அபாரம், அத வகுப்புல கண்டிப்பா சொல்றேன். ஆனா அடுத்த பாடம் கரோலி ஷ்னீமன். 1975ல ஈஸ்ட் ஹாம்ப்டன்ல மேசை மேல நின்னு, தன் பிறப்புறுப்புலருந்து ஒரு நீளமான காகிதச் சுருளை இழுத்து இழுத்துப் படிச்சாங்க. தலைப்புல மெய்யுறுப்புன்னு போட்டா பின் பெஞ்ச்ல சிரிப்பு அடங்கவே அடங்காது.

இளங்கோ:
சிரிச்சா சிரிக்கட்டுமே அக்கா, கலைஞர் பண்ணதே கூச்சத்தை உடைக்கத்தானே. அப்றம் மெய்னா இந்தக் காலத்துப் பசங்க உண்மைன்னுதான் எடுத்துப்பாங்க, மெய்ப்பாட்டியல் படிச்சவன் யாரு இருக்கான். அப்டியே மரினா அப்ரமோவிச்சையும் சேத்துக்கங்க, 1974ல நேப்பிள்ஸ்ல 72 பொருளை மேசைல வச்சுட்டு, பாக்க வந்தவங்க அத வச்சு தன் மேல என்ன வேணா பண்ணலாம்னு ஆறு மணிநேரம் சும்மா நின்னாங்க, துப்பாக்கி கூட இருந்துச்சு. பெண்ணியக் கலைன்னா அதான் உச்சம்.

கயல்விழி:
தம்பி, பாதி சரி. பெண்ணியப் பார்வைல நிறைய பேர் அத வாசிக்கிறாங்க, ஆனா அவங்க தன்னை பெண்ணியக் கலைஞர்னு சொல்லிக்கிறதில்ல. அங்க கை வச்சது கூட்டம். ஆன்டின் உடம்புல வேற யாரும் கை வைக்கல, அதனாலதான் எனக்கு ‘தன்’ங்கிற சொல் உள்ள வரணும்னு தோணுது. தன்னுடற்கலை?

செல்வம்:
நானும் போன வருசம் பேலியோ இருந்து தினம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டேனே, அதுவும் கலையா மேடம்? 😀

கயல்விழி:
கிண்டலா கேட்டாலும் நல்ல கேள்வி சார். நீங்க மொதோ படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்துல வச்சு ‘பாத்தீங்களா’ன்னு காட்டிருப்பீங்க. இங்க 148ம் ஒரே அளவுல சமமா தொங்குது, பக்கத்து பக்கத்து நாள்ல வித்தியாசமே தெரியாது, மொத்தமா குறைஞ்சதே சுமார் நாலரை கிலோதான். கல்லை எல்லாப் பக்கமும் மெல்லிசா சீவிட்டே வர்ற கிரேக்கச் சிற்பி முறைன்னு பெருமையா பேசுவாங்கள்ல, அத அப்டியே டயட்டுக்கு மாத்திப் போட்டு நக்கல் அடிக்கிறாங்க. ‘மரபு’ங்கிற சொல்லு தலைப்புல வந்ததே அதுக்குத்தான்: அழகான பொம்பள உடம்பு இப்டித்தான்னு சிற்பி முடிவு பண்ணுவான், இப்ப பத்திரிகைல வர்ற டயட் முடிவு பண்ணுது.

புலவர் ஐயா:
அப்படியானால் மூலப்பொருள் என்ற கருத்து இன்னும் முக்கியமாகிறது. தன்னுடற்கலையில் ‘தன்’ இருக்கிறது, பொருள் எங்கே? தன்னுடலைப் பற்றிய கலையா, தன்னுடலால் ஆன கலையா? வேற்றுமை தொக்கி நிற்கிறது, படிப்பவன் எதை விரிப்பான்?

இளங்கோ:
ஐயா, மண்பானைல ஆறாவதா மூணாவதான்னு பாத்தா நாம சோறு ஆக்குறோம்?

புலவர் ஐயா:
மண்ணால் ஆகிய பானை. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பானை வெந்த பொருள் என்பதால் மயக்கம் இல்லை, தம்பி. கலை அப்படி அல்ல.

கயல்விழி:
மணி பதினொன்னு ஆச்சு. குறிப்புல ‘தன்னுடற்கலை’ன்னு போட்டு, மொதோ தடவை மட்டும் ‘பாடி ஆர்ட்’னு பக்கத்துல எழுதிடறேன். செல்வம் சாரும் இளங்கோவும் ஓகேன்னுட்டாங்க, ஐயா மட்டும் பாக்கி.

புலவர் ஐயா:
பாக்கியாகவே இருக்கிறேன். வகுப்பில் திவாகரத்தைச் சொல்லும்போது கண்டசருக்கரையை விட்டுவிடாதீர்கள், எல்லோரும் அதைத்தான் மறக்கிறார்கள்.