புது நோயாளிக்குக் கொடுக்கும் அட்டையில் என்ன எழுதுவது? போன் ஓயவே மாட்டேங்குது

ராமேஸ்வரம் கிளினிக் வரவேற்பு
எங்கள் கிளினிக்கில் ஒரே டாக்டர், பொது மருத்துவம். காலை 10–1, மாலை 5–8. புதிதாக வருபவர்களுக்கு ஒரு அட்டை கொடுக்கிறோம். "எந்தச் சந்தேகமானாலும், முன்பதிவுக்கும் இந்த எண்ணில் தொடர்பு கொள்ளவும்" என்று போட்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் "மாத்திரை தீர்ந்துபோச்சு" என்று மட்டும் வருகிறது. யாருக்கு, எந்த மாத்திரை என்று தெரியாது. ராத்திரி மயக்கம் என்று அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். டோக்கன் சொன்னவர்களில் பலர் வருவதில்லை. எப்படி மாற்றி எழுதலாம்?

மண்டபம் பக்கம்
அந்த அட்டைக்கு வருமானச் சான்று வேணுமா? எங்க அம்மாவுக்கு இன்னும் எடுக்கல.

கீழக்கரை மேனேஜர்
நீங்கள் கேட்பது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, தம்பி. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போங்கள்.

கிளினிக் அக்காவுக்கு: "எந்தச் சந்தேகமானாலும்" என்ற வரிதான் கோளாறு. எதைக் கேட்கலாம், பதில் எப்போது வரும் என்று அட்டை சொல்லவில்லை. அதனால் அவசரத்தையும் அதே எண்ணுக்கு அனுப்புகிறார்கள். முதலில் பதில் நேரத்தை எழுதுங்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மகன் சவூதியில். அவர் வேலை முடிந்து 9 மணிக்கு அனுப்பினால் இங்கே இரவு 11:30. "மதியம் 2 முதல் 3 வரை பதில் வரும்" என்று இருந்தால் அவரும் நிம்மதியாக இருப்பார்.

இரண்டாவது, கேள்வியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு மாதிரியோடு காட்டுங்கள். விளக்கம் எழுதினால் யாரும் படிப்பதில்லை, மாதிரியைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள்:

"சீட்டு எண் 412. பெயர் பாத்திமா, வயது 61. அனுப்புவது மகன். பிரஷர் மாத்திரை நாளையோடு முடிகிறது. இன்று காலை பிரஷர் 150/90. மாத்திரை அட்டையின் போட்டோ இத்துடன்."

சீட்டு எண் இல்லாவிட்டால் ஒரே தெருவில் மூன்று பாத்திமா வருவார்கள். மாத்திரை போட்டோவில் பெயரும் மி.கி.யும் தெரிய வேண்டும். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் இதையே வாய்ஸில் சொல்லலாம் என்றும் ஒரு வரி போடுங்கள்.

மெடிக்கல் ஷாப் அண்ணன்
போனில் மருந்து சொல்லவே கூடாது, சட்டப்படி தப்பு. அட்டையில் "நேரில் மட்டும்" என்று போட்டுவிடுங்கள்.

கீழக்கரை மேனேஜர்
பாதி சரி, அண்ணே. 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி பதிவு பெற்ற டாக்டர் போனில் ஆலோசனை சொல்லலாம். ஏற்கெனவே பார்த்தவருக்கு அதே நோய்க்கான மாத்திரையைத் தொடர்ந்து எழுதவும் செய்யலாம். போதைப்பொருள் சட்டத்தில் வருபவற்றை எழுதக் கூடாது. ஆனால் முடிவு டாக்டருடையது. போன் எடுக்கும் நாம் மருந்து சொல்லவே கூடாது. அதை அட்டையில் எழுதலாம்.

தேவிபட்டினம் நர்ஸ்
மயக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே. அட்டையின் மேலேயே, பெரிய எழுத்தில்: "நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறல், வலிப்பு இருந்தால் செய்தி அனுப்பாதீர்கள், 108." சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு வரி. மீட்டரில் 70-க்குக் கீழே காட்டி, வியர்த்து, கை நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். அவருக்கும் 108-தான்.

ராமேஸ்வரம் கிளினிக் வரவேற்பு
ரொம்ப நன்றி அக்கா. டோக்கனுக்கு? நேரம் கொடுத்துப் பார்த்தோம், வருவதில்லை.

கீழக்கரை மேனேஜர்
உங்கள் ஊர் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகின்றன, மறுநாள் காலைதான் கரைக்கு வரும். அந்த மூன்று நாள் மாலையில் கடலுக்குப் போகிறவருக்கு டோக்கன் போட்டால் எப்படி வருவார்? அட்டையில் "படகுக்குப் போகிறவர்கள் கிழமையைச் சொல்லிப் பதிவு செய்யவும்" என்று சேருங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டியவருக்குக் காலை டோக்கனே கொடுங்கள். முந்தின இரவு சாப்பிட்டபின் 8 மணி நேரம் தண்ணீர் மட்டும் என்றும் எழுதுங்கள். இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வந்து திரும்பிப் போவார்கள்.

தேவிபட்டினம் நர்ஸ்
எனக்கு நேரம் கொடுப்பதில் நம்பிக்கை இல்லை. டோக்கன் எண் மட்டும் கொடுத்து, "இப்போது 14 போகிறது" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது நல்லது.

கீழக்கரை மேனேஜர்
ஸ்டேட்டஸ் பார்க்கத் தெரியாத வயசானவர்கள்?

ராமேஸ்வரம் கிளினிக் வரவேற்பு
முதலில் 108 வரியும் மாதிரிக் கேள்வியும் போட்டு 100 அட்டை அடிக்கிறோம். டோக்கனை டாக்டரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.