கையிருப்பு மதிப்புக்கான சராசரி: ‘எடையிட்ட’ வேண்டாம் என்றால் வேறு என்ன?

இளங்கோ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

சிறு கடைகளுக்கான பில்லிங் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். அதன் கையிருப்பு அறிக்கையில் `avg_cost` என்று ஒரு கட்டம் வருகிறது. ஒரே சரக்கை வெவ்வேறு நாளில் வெவ்வேறு விலைக்கு வாங்கியிருந்தால், இப்போது கடையில் இருப்பது கிலோ என்ன விலைக்கு அடங்குகிறது என்று அது காட்டும். அதற்கு ‘எடையிட்ட சராசரி விலை’ என்று போட்டிருந்தோம்.

பெரம்பூரில் ஒரு மளிகைக் கடையில் காட்டினோம். கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, “இது எடை போட்டு விக்கிற சரக்குக்கு மட்டுமா? சோப்பு, தீப்பெட்டிக்கு எங்க பார்க்கிறது?” என்று கேட்டார். தராசு வைத்திருக்கும் கடையில் ‘எடை’க்கு வேறு பொருள் தோன்றாது. சொல்லை மாற்றியே ஆக வேண்டும்.

செயலி செய்யும் கணக்கு இதுதான்:

```
avg_cost = (old_qty * avg_cost + new_qty * new_rate)
           / (old_qty + new_qty)
```

சோதனைக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது துவரம் பருப்பு. கடையில் 40 கிலோ, கிலோ 130 ரூபாய் அடக்கத்தில் இருக்கிறது. புதிதாக 100 கிலோ, 144 ரூபாய்க்கு வருகிறது. இரண்டும் சேர்ந்து 140 கிலோ, 19,600 ரூபாய். ஆகவே கிலோ 140. இந்த 140க்கு என்ன பெயர் வைக்கலாம்?

சாமிநாதன் எழுதியது:

அன்புள்ள இளங்கோ,

மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘நிறையிட்ட சராசரி’ என்றுதான் வகுப்பில் சொல்வோம். இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஆக்கத் தேவையில்லை.

உங்கள் கணக்கிலும் எனக்கு ஐயம் உண்டு. ஆண்டு முடிவில் தொடக்கச் சரக்கிருப்பையும் மொத்தக் கொள்முதலையும் கூட்டி, மொத்த அளவால் வகுப்பதே இந்த முறை. கொள்முதல் வரும்போதெல்லாம் சராசரியை மாற்றுவது முறையன்று. செயலியைத் திருத்துங்கள்.

ராஜமாணிக்கம் எழுதியது:

தம்பி, நான் கடைக்காரன். எனக்கு ஒண்ணு விளங்கல. பருப்பு விலை ஏறிட்டா பழைய சரக்கையும் புது விலைக்குத்தான் கொடுப்போம், இல்லாட்டி அடுத்த மூட்டை எடுக்கக் கையில காசு நிக்காது. விலை இறங்கிட்டா பக்கத்துக் கடைக்காரன் விக்கிற விலைக்கு நாமளும் இறங்கணும். அப்புறம் இந்த 140ஐ வச்சு எப்படி விக்கச் சொல்றீங்க? சராசரி விலைக்கு எந்தக் கடையில வியாபாரம் நடக்கு?

பத்மாவதி எழுதியது:

அண்ணாச்சி, நீங்கள் சொல்வது விற்கிற விலை. அதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள், செயலி அதில் தலையிடாது. இளங்கோ கேட்பது அடக்கம். மார்ச் 31 அன்று கடையில் இருக்கும் சரக்கு எவ்வளவு பெறும் என்று எழுத வேண்டும் அல்லவா, அதற்கு. அந்தத் தொகை கூடினால் அந்த ஆண்டு லாபம் கூடும், குறைந்தால் லாபம் குறையும். உங்கள் அனுபவம் ஓரிடத்தில் உதவும்: பருப்பு இறங்கி, விற்றால் அடக்கம்கூடத் தேறாது என்ற நிலை வந்தால், விற்றுக் கையில் வரக்கூடிய தொகைக்குத்தான் சரக்கை மதிப்பிட வேண்டும். இரண்டில் எது குறைவோ அது.

சாமிநாதன் ஐயாவுக்கு: நீங்கள் சொல்லும் முறை சரியானதே. ஆனால் அது ஒன்றுதான் முறை என்பதற்கில்லை. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் கணக்கியல் தரநிலை 2, சராசரியைக் காலமுடிவில் ஒருமுறை கணக்கிடலாம், அல்லது ஒவ்வொரு சரக்கு வரும்போதும் கணக்கிடலாம் என்று இரண்டையும் ஏற்கிறது. ‘முதலில் வந்தது முதலில் போகும்’ முறையையும் ஏற்கிறது. கடைசியில் வந்தது முதலில் போனதாக எழுதுவதைத்தான் ஏற்பதில்லை.

இளங்கோவின் பருப்பையே தொடர்கிறேன். 140 கிலோவில் 90 கிலோ விற்றுவிட்டது. மிச்சம் 50 கிலோ, 140 வீதம் 7,000 ரூபாய். அடுத்து 50 கிலோ, 152 வீதம் 7,600 ரூபாய்க்கு வருகிறது. இப்போது 100 கிலோ, 14,600 ரூபாய், கிலோ 146. அதில் 60 கிலோ விற்றால் மிச்சம் 40 கிலோ, 5,840 ரூபாய்.

ஐயாவின் முறையில் மொத்தம் 190 கிலோ, 27,200 ரூபாய். கிலோ 143.16. அதே 40 கிலோ இப்போது ஏறக்குறைய 5,726 ரூபாய். இரண்டும் ஒத்துக்கொள்ளத்தக்கவை, ஆனால் எண் வேறு. எந்த முறையை எடுத்தீர்களோ அதையே ஆண்டுதோறும் பின்பற்ற வேண்டும்.

நான் கடைகளில் அதிகம் காணும் பிழை மூன்றாவது வகை: 130, 144, 152 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது. 142 வரும். எத்தனை கிலோ எந்த விலைக்கு வந்தது என்பதையே அது பார்ப்பதில்லை. பிழை என்று காட்ட எளிய வழி உண்டு. விற்ற 150 கிலோவை 142ஆல் பெருக்கினால் 21,300. மிச்சம் 40 கிலோவுக்கு 5,680. கூட்டினால் 26,980. கையை விட்டுப் போனதோ 27,200. நடுவில் 220 ரூபாய்க்குக் கணக்கில்லை. மற்ற இரு முறையிலும் விற்றதும் மிச்சமும் சேர்ந்து 27,200க்கு வந்து நிற்கும்.

அதனால் வெறும் ‘சராசரி அடக்கம்’ என்று போடாதீர்கள். பலர் அதை 142 என்றே படிப்பார்கள்.

ஷாஹிதா எழுதியது:

திருவல்லிக்கேணியில் சோப்பு, ஷாம்பு, பேனா, நோட்டு எல்லாம் விற்கும் கடை எங்களுடையது. எங்களுக்கு வருவது பாதி ஸ்கீம் சரக்கு. பத்து எடுத்தால் ஒன்று இலவசம். ஒன்று 44 ரூபாய் என்று பத்துக்கு 440 பில் போடுகிறார்கள், பெட்டியில் பதினொன்று இருக்கிறது. இலவசத்தை எழுதாமல் விட்டால் இருப்பு உதைக்கிறது. அதையும் 44 என்று எழுதினால் கொடுக்காத பணத்தைக் கொடுத்ததாக ஆகிறது. எது சரி?

சொல் விஷயத்தில், ‘கலப்பு அடக்கம்’ என்று வைக்கலாமே? பழையதும் புதியதும் கலந்து வருவதுதானே.

பத்மாவதி எழுதியது:

ஷாஹிதா, 11 எண்ணிக்கையை ஏற்றுங்கள், 440 ரூபாயை ஏற்றுங்கள். ஒன்று 40 ரூபாய்க்கு அடங்கும். இலவசத்துக்கு விலை பூஜ்யம், ஆனால் எண்ணிக்கை உண்டு.

இளங்கோவும் இதைக் கவனியுங்கள். `new_rate` என்பது பில்லில் இருக்கும் விலை அல்ல, கடைக்கு வந்து சேர்ந்த விலை. கொத்தவால் சாவடியில் 100 கிலோ பருப்பு 14,200க்கு எடுத்து, வண்டி வாடகையும் ஏற்று இறக்குக் கூலியும் 200 கொடுத்தால்தான் கிலோ 144 ஆகிறது. ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையாக இருந்தால் பொதுவாக வரி அடக்கத்தில் சேராது. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்கு அந்த வரி திரும்ப வராது, ஆகவே அடக்கத்தில் சேரும். செயலி இதைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘கலப்பு’ மட்டும் வேண்டாம். மளிகைக் கடைத் திரையில் அந்தச் சொல்லைப் பார்ப்பவருக்குக் கலப்படம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

ராஜமாணிக்கம் எழுதியது:

இப்ப விளங்குது. இதை நாங்க ‘அடக்கம்’னுதான் சொல்லுவோம். “உனக்கு என்ன அடக்கம் ஆகுது?”ன்னு கேட்டா வண்டி, கூலி எல்லாம் சேர்த்துத்தான் பதில் வரும். ‘விலை’ன்னு போட்டா பில்லு விலையா, விக்கிற விலையான்னு குழப்பம். அந்தச் சொல்லை விட்டுடாதீங்க.

இன்னொண்ணு. எங்க கடை கம்ப்யூட்டர்ல உளுந்து அடக்கம் 156 ரூபா 67 காசுன்னு காட்டுது. நான் 150க்கு மேல வாங்கினதே இல்ல. இது எப்படி வரும்?

பத்மாவதி எழுதியது:

அண்ணாச்சி, மூட்டை வந்ததும் விற்க ஆரம்பித்துவிட்டு, கொள்முதல் பில்லைப் பிறகு ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கணினியில் 10 கிலோ, 140 வீதம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 30 கிலோவுக்கு பில் போட்டால் இருப்பு மைனஸ் 20 கிலோ, மதிப்பு மைனஸ் 2,800. பிறகு 50 கிலோ, 150 வீதம் 7,500 ஏற்றுகிறீர்கள். 30 கிலோவுக்கு 4,700 ரூபாய் நிற்கும். வகுத்துப் பாருங்கள், அதே 156.67. பில்லைச் சரக்கு வந்த நேரத்துக்கே தேதியிட்டு ஏற்றினால் 60 கிலோ, 8,900 ரூபாய், கிலோ 148.33 என்று சரியாகிவிடும்.

இந்தச் சராசரி, வாங்கிய விலைகளில் மிகக் குறைந்ததற்குக் கீழேயோ மிக அதிகமானதற்கு மேலேயோ போகவே முடியாது. போனால் எங்கோ இருப்பு மைனஸில் போயிருக்கிறது, அல்லது அளவோ தொகையோ தவறாக ஏறியிருக்கிறது. செயலி அதைச் சிவப்பில் காட்டினால் நல்லது.

இளங்கோ எழுதியது:

கட்டாயம் செய்கிறோம். இருப்பு மைனஸானால் கொள்முதல் பில் ஏறும்வரை சராசரியைத் தொடாமல் நிறுத்தி வைக்கவும் பார்க்கிறோம்.

சொல்லுக்கு வருகிறேன். ‘வகைவாரி’, ‘வார்டுவாரி’ போல ‘அளவுவாரி’ என்றால் என்ன? ‘அளவுவாரிச் சராசரி அடக்கம்’. கிலோவுக்கும் பொருந்தும், எண்ணிக்கைக்கும் பொருந்தும். எத்தனை வாங்கினோம் என்பதைப் பார்த்துத்தான் சராசரி போட்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

சாமிநாதன் எழுதியது:

தரநிலை இரண்டையும் ஏற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘அடக்கம்’ நல்ல சொல், அதிலும் மறுப்பில்லை. ஆனால் ‘அளவுவாரி’ என்றால் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே என்றே பொருள்படும். வார்டுவாரிப் பட்டியல் என்றால் வார்டுக்கு ஒன்று. அப்படியானால் அளவுவாரிச் சராசரி என்பது அரைக் கிலோ பொட்டலத்துக்கு ஒன்று, ஒரு கிலோ பொட்டலத்துக்கு ஒன்று என்று ஆகாதா? ‘அளவுசார் சராசரி அடக்கம்’ என்பது என் பரிந்துரை.

ஷாஹிதா எழுதியது:

ஐயா சொல்வது சரி. நானும் முதலில் பாக்கெட் சைஸ் என்றுதான் நினைத்தேன். ‘அளவுசார்’ பரவாயில்லை.

இளங்கோ எழுதியது:

சரி, ‘அளவுசார் சராசரி அடக்கம்’ என்றே அடுத்த வெளியீட்டில் போடுகிறோம். பெரம்பூர்க் கடையில் மறுபடி காட்டிவிட்டு அவர் எப்படிப் படித்தார் என்று எழுதுகிறேன்.

இன்னொன்று பாக்கி. ஒவ்வொரு கொள்முதலிலும் மாறுவது, காலமுடிவில் ஒருமுறை போடுவது என்ற இரண்டையும் அமைப்புகளில் தேர்ந்தெடுக்க விடப்போகிறோம். இரண்டாவதற்குக் ‘காலமுடிவுச் சராசரி’ போதும். முதலாவதற்கு ‘நகரும் சராசரி’ என்று போட்டால் புள்ளியியலில் கடைசி சில நாட்களை மட்டும் எடுத்துப் போடும் சராசரியோடு குழம்பும். ‘நடப்புச் சராசரி’ என்றால் இன்றைய மார்க்கெட் விலை என்று எடுத்துக்கொள்வார்கள்.

ராஜமாணிக்கம் எழுதியது:

‘வரவுக்கு வரவு’ன்னு போடுங்க தம்பி. சரக்கு வர வர மாறுதுல்லா.

சாமிநாதன் எழுதியது:

கணக்கில் ‘வரவு’ என்றால் பணம் வந்தது என்றும் ஆகுமே. ‘கொள்முதல்தோறும்’ என்று யோசிக்கலாம், சற்று நீளம்தான்.

பத்மாவதி எழுதியது:

சரக்குப் பதிவேட்டில் ‘வரவு’ என்றால் சரக்கு வரவுதான் ஐயா, அங்கே குழப்பம் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்ததும் அதே வரவுப் பத்தியில்தான் ஏறும். அது புதுக் கொள்முதல் அல்ல, எந்த அடக்கத்தில் வெளியே போனதோ அதே அடக்கத்தில் திரும்ப வர வேண்டும். இளங்கோ, உங்கள் செயலி திருப்பத்தை இப்போது எந்த விலைக்கு ஏற்றுகிறது? அதைப் பார்த்துச் சொல்லுங்கள், பெயரைப் பிறகு பேசுவோம்.